மாடி வீட்டுத் தண்ணீர்: சங்கத்துக்கு ஒரு கடிதம், காப்பீட்டுக்கு இன்னொன்று

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 9 வருடப் பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி எங்களுடையது. ஆகஸ்ட் 8-ம் தேதி ராத்திரி, மேல் வீட்டு டைனிங் ஹாலில் இருக்கும் வாஷ்பேசின் டியூப் வெடித்து, எங்கள் படுக்கையறையில் தண்ணீர் கொட்டியது. மேல் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஊரில் இல்லை. செக்யூரிட்டி வந்து வால்வை மூடும்போது விடியற்காலை 4 மணி. ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப், மெத்தை எல்லாம் போச்சு. பாத்ரூம் சீலிங்கில் ஒரு வருஷமாகவே ஓதம் இருக்கிறது. எத்தனையோ முறை சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை. சங்கச் செயலாளர் "அது உங்க ரெண்டு வீட்டு விஷயம்" என்கிறார். மேல் வீட்டு உரிமையாளர் 15,000 ரூபாய் தருகிறேன், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். வீட்டுக்கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் இருக்கிறது. "ஒரு வருடமாக மேல் வீட்டிலிருந்து நீர் கசிந்து, இப்போது படுக்கையறையே நாசமாகிவிட்டது" என்று ஒரே கடிதமாக எழுதி சங்கத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். சரிதானா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்தக் கடிதத்தை இப்படியே அனுப்பாதீர்கள். சங்கத்துக்கு அது நியாயமான புகாராகப் படும். காப்பீட்டு நிறுவனம் "ஒரு வருடமாக" என்ற சொல்லோடு நிறுத்திவிட்டு, இது படிப்படியான கசிவு, பாலிசியில் வராது என்று கோப்பை மூடிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது இரண்டு தனிச் சம்பவங்கள். வாஷ்பேசின் டியூப் வெடித்தது ஓர் இரவில் நடந்த விபத்து. பாத்ரூம் ஓதம் நாள்பட்ட பராமரிப்புக் கோளாறு. நீர் புறப்பட்ட இடம் வேறு, வந்த பாதை வேறு, அறையும் வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்ததுதான் உங்கள் கடிதத்தின் சிக்கல். பழைய ஓதத்தை மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவே.

கடிதத்துக்கு முன் ஒரு வேலை. படுக்கையறை ஃபேன், லைட்டுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி வைத்திருக்கிறீர்களா? தளத்துக்குள் ஓடும் மின்குழாய்கள் வழியாகத்தான் நீர் பெரும்பாலும் கீழே இறங்கும். அதனால்தான் ஃபேன் கொக்கியிலும் லைட் பாக்ஸிலும் முதலில் சொட்டும். மேலே உலர்ந்து தெரிந்தாலும் குழாய்க்குள் நீர் நிற்கும். எலெக்ட்ரீஷியன் மெக்கர் கருவி வைத்து வயரின் இன்சுலேஷனைப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். அவர் பார்த்ததை ஒரு தாளில் எழுதி வாங்கினால் அதுவும் சான்றாகும்.

இனி காப்பீடு. வீடுகளுக்கான தீ, பேரிடர் காப்பீட்டை 2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே வகைப் பாலிசியாக விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்தது. வங்கி எடுத்துக் கொடுத்த உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு விஷயம் உங்களுக்குச் சாதகம். தண்ணீர்த் தொட்டி, குழாய், அதைச் சேர்ந்த கருவிகள் வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ வரும் சேதம் அதில் காப்பிடப்பட்ட ஆபத்துகளில் ஒன்று. வீட்டுப் பொருட்களுக்கும், வேண்டாம் என்று நீங்கள் விலக்கியிருந்தால் ஒழிய, கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, உச்சமாக 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. அதாவது கட்டடத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருக்கிறோம் என்று மெத்தையை விட்டுவிட வேண்டாம். 2021-க்கு முன் நீண்ட காலத்துக்கு எடுத்த பழைய பாலிசி என்றால் பொருட்கள் சேர்ந்திருக்காது. அதைப் பாலிசி அட்டவணையில் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடன் முடியாத வீடு என்பதால் கட்டடத்துக்கான தொகை வங்கி வழியாக வரலாம். எனவே தகவல் கடிதத்தின் நகல் ஒன்றை வங்கிக் கிளைக்கும் கொடுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஆய்வாளர் உங்கள் சீலிங்கைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார். ஒரே நாளில் கொட்டிய நீர் என்றால் பெயின்ட் பை போல் உப்பியிருக்கும், ஒற்றை ஓரக்கோடு மட்டும் தெரியும், ஜிப்சம் பலகை பளு தாங்காமல் தொங்கும், பிளைவுட் அடிப்பகுதி புதிதாக ஊறிப் பிரிந்திருக்கும். நாள்பட்ட கசிவு என்றால் பழுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், வெள்ளை உப்பு பூத்திருக்கும், சில இடங்களில் சுண்ணாம்பு மெல்லிய கூம்பாகத் தொங்கும், கம்பித் துருவின் சிவப்பு இறங்கியிருக்கும். உங்கள் பாத்ரூம் சீலிங்கில் இரண்டாவது வகை அடையாளங்கள் இருக்கும். படுக்கையறையில் முதல் வகை மட்டுமே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதுவே உங்கள் பலமான சாட்சி. அதனால் ஆய்வு முடியும் வரை சுரண்டுவதோ பட்டி பார்ப்பதோ பெயின்ட் அடிப்பதோ வேண்டாம். விழுந்துவிடும் நிலையில் தொங்கும் பலகையைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றலாம், கழற்றியதை மட்டும் எறியாதீர்கள். மெத்தையும் அப்படித்தான். நாற்றம் தாங்காவிட்டால் மொட்டை மாடியில் போடுங்கள், குப்பைவண்டிக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பொருள் உங்கள் வீட்டில் இல்லை. அது மேல் வீட்டில் கழற்றிய அந்த டியூப். ஆங்கிள் வால்விலிருந்து வாஷ்பேசின் குழாய்க்குப் போகும் அந்தக் கம்பி பின்னிய டியூபின் உள்ளே இருப்பது ரப்பர் குழல்தான், அழுத்தத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் கம்பிப் பின்னல். ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளிலும் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளிலும் பின்னல் துருப்பிடித்து அறும், ரப்பர் அந்த இடத்தில் பலூனாகி வெடிக்கும். ஸ்பேனர் போட்டு மிகையாக முறுக்கிய நட்டும் விரிசல் விட்டுப் பிளக்கும். ராத்திரியில் யாரும் குழாய் திறப்பதில்லை என்பதால் அழுத்தம் குறையாமல் நிற்கும். இப்படி வெடித்த அரையங்குல இணைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் வரும் என்று வைத்தாலும், 5 மணி நேரத்தில் 3,000 லிட்டர். பாத்ரூம் என்றால் அது தரை வடிகாலான ட்ராப்பில் போயிருக்கும். டைனிங் ஹால் வாஷ்பேசினுக்குக் கீழே ட்ராப் கிடையாது, தரை முழுக்கப் பரவித் தளத்தின் நுண்விரிசல், மின்குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். இந்த ஒரு விவரம் கடிதத்தில் இருந்தால், ஏன் உங்கள் படுக்கையறையில் கொட்டியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். டியூபை பிளம்பரிடமோ வாடகைக்காரரிடமோ கேட்டு வாங்கி, மேல் வீட்டு வாஷ்பேசின் பக்கத்தில் வைத்து ஒரு படம், தனியாக ஒரு படம் எடுத்து, கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். புது டியூப் மாட்டிய பிளம்பரின் ரசீது நகலும் வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலில் கஸ்டமர் கேர் எண்ணில் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள், அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். இழப்பை முதலில் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு அது செப்டம்பர் முதல் வாரம். கடிதம் இவ்வளவு போதும்:

> பொருள்: பாலிசி எண் ______ — குழாய் வெடித்ததால் ஏற்பட்ட நீர்ச் சேதம்.
>
> ஆகஸ்ட் 8 நள்ளிரவை ஒட்டி, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே உள்ள மூன்றாம் மாடி வீட்டின் உணவு அறையில், வாஷ்பேசினுக்கு நீர் தரும் இணைப்பு டியூப் வெடித்தது. அந்த அறையில் தரை வடிகால் இல்லை. வீட்டில் ஆள் இல்லாததால், ஆகஸ்ட் 9 அதிகாலை சுமார் 4 மணிக்குக் காவலர் மொட்டை மாடி வால்வை மூடும் வரை நீர் ஓடியது. தளத்தின் வழியே இறங்கிய நீரால் எங்கள் படுக்கையறையின் ஃபால்ஸ் சீலிங், பெயின்ட், மின் இணைப்பு, சுவர் வார்ட்ரோப், மெத்தை ஆகியவை சேதமடைந்தன. மதிப்பீடுகள் இணைப்பில்.
>
> வெடித்த டியூப், கழற்றிய பலகைகள், மெத்தை ஆகியவை ஆய்வுக்காக வைக்கப்பட்டுள்ளன. எங்கள் வீட்டுப் பாத்ரூம் சீலிங்கில் முன்பிருந்தே உள்ள ஈரம் இந்தச் சம்பவத்தைச் சேர்ந்ததல்ல. அதற்கு இழப்பீடு கோரவில்லை. ஆய்வாளரை அனுப்புமாறும், எந்தத் தேதி முதல் பழுதுபார்க்கலாம் என எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

பாத்ரூம் பற்றிய வரியைச் சிலர் எதற்கு என்பார்கள். ஆய்வுக்கு வருபவர் அதைத் தானே கண்டுபிடித்தால் சந்தேகம் வரும், நீங்களே சொன்னால் இரண்டும் வேறு என்று பதிவாகும். நேரங்களைத் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். டியூப் எத்தனை மணிக்கு வெடித்தது என்று யாரும் பார்க்கவில்லை, அதனால் "நள்ளிரவை ஒட்டி" போதும். வால்வை மூடிய நேரம் செக்யூரிட்டி நோட்டில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டைப் பொருள்வாரியாக அளவோடு எழுதி வாங்குங்கள். "படுக்கையறை ரிப்பேர் 75,000" என்ற ஒற்றை வரி பாதியாக வெட்டப்படும். உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்: ஜிப்சம் சீலிங் 60 சதுர அடி, 110 ரூபாய் வீதம் 6,600. பட்டி, பிரைமர், இரண்டு கோட் பெயின்ட் 320 சதுர அடி, 28 ரூபாய் வீதம் 8,960. வயர், இரண்டு லைட், ஒரு ஃபேன் ரெகுலேட்டர் 6,500. வார்ட்ரோப்பின் அடிப்பகுதியும் இரண்டு ஷட்டரும் 34,000. இந்த நான்கும் சேர்ந்து 56,060 ரூபாய். சுவரோடு பொருத்திய வார்ட்ரோப் பொதுவாகக் கட்டடக் கணக்கில் வரும், பொருள் கணக்கில் அல்ல. மெத்தை 16,000 மட்டும் பொருள். மொத்தம் 72,060. ஊறாத ஷட்டரையும் நிறம் சேரவில்லை என்று மாற்றக் கேட்டால் தரமாட்டார்கள், அதனால் சேர்க்க வேண்டாம்.

இப்போது அந்த 15,000. எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் தந்தபின், காரணமானவரிடம் அதை வசூலிக்கும் உரிமை உங்களிடமிருந்து அதற்கு மாறும். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று நீங்கள் எழுதினால் அந்த உரிமையையே அழித்தவர் ஆவீர்கள், கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் முழுத்தொகை வாங்கவும் முடியாது. மேல் வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் கேட்கிறார் என்றால், "காப்பீட்டு முடிவு வந்ததும், அதில் கிடைக்காத பாக்கியை மட்டும் பேசுவோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். டியூப் தங்கள் வீட்டில் வெடித்தது என்று அவர் பதில் போட்டால் அது உங்களுக்கு 15,000 ரூபாயைவிடப் பெறுமானம்.

சங்கத்துக்கான கடிதத்தில் செயலாளர் சொல்வதில் பாதி சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குள் இருக்கும் டியூப் வெடித்ததற்குச் சங்கம் பணம் தர வேண்டியதில்லை. மொட்டை மாடி, மேல்நிலைத் தொட்டி, டக்டில் இறங்கும் பொதுக் குழாய் என்றால்தான் சங்கத்தின் செலவு. ஆனால் இன்னொரு வீட்டுக்கோ பொதுக் கட்டடத்துக்கோ கேடு வரும் கசிவைக் கண்டறிந்து, உரிய வீட்டுக்காரரைச் சரிசெய்ய வைப்பதும், அவசரத்துக்கு வீட்டுக்குள் நுழைய ஏற்பாடு செய்வதும் சங்க விதிகளில் பெரும்பாலும் எழுதியிருக்கும். உங்கள் விதிப்புத்தகத்தில் அந்த விதியின் எண்ணைத் தேடிக் கடிதத்தில் போடுங்கள். பணம் கேட்காமல், செய்யக்கூடிய வேலையைக் கேளுங்கள்:

> ஆகஸ்ட் 8 இரவு மூன்றாம் மாடி வீட்டிலிருந்து வந்த நீர்ச் சேதம் தொடர்பாக, காவலர் பதிவேட்டின் அந்த இரவுப் பக்க நகலும், வால்வு மூடிய நேரத்தைக் குறிப்பிட்டுச் சங்கத்தின் கடிதமும் 7 நாளுக்குள் தேவை. கட்டடம் முழுமைக்கும் சங்கம் காப்பீடு எடுத்திருந்தால் அதன் நகலும் வேண்டும்.
>
> இதிலிருந்து வேறாக, எங்கள் வீட்டுப் பாத்ரூம் சீலிங்கில் ஓராண்டாக ஈரம் உள்ளது. விதி எண் ______-ன்படி, மேல் வீட்டு உரிமையாளருக்கு எழுதி, சங்கப் பிளம்பர் முன்னிலையில் கசிவுச் சோதனை நடத்தவும், முடிவை இரு வீட்டுக்கும் எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலும் பிளம்பர் வருவார், பார்ப்பார், "டைல்ஸ் ஜாயின்ட்தான் மேடம், எபாக்ஸி போட்டா சரியாகிடும்" என்பார், இரண்டு மாதத்தில் ஓதம் திரும்பி வரும். மேல் பாத்ரூமுக்கு நீர் வரும் வால்வை மூடி, அங்கே யாரும் குளிக்காமல் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஒரே நாளில் முடிவு சொன்னால் தப்பாகிவிடும், ஏனென்றால் அந்தத் தளம் தாழ்த்திக் கட்டி உடைசெங்கல் நிரப்பியதாக இருந்தால், நிரப்பில் தேங்கிய நீர் வால்வை மூடிய பிறகும் பல நாள் சொட்டும். அப்படி விட்டதில் ஈரம் தெளிவாகக் குறைந்து, வால்வைத் திறந்து யாரும் பயன்படுத்தாமல் வைத்தாலே மீண்டும் கூடினால், அழுத்தக் குழாயில் கோளாறு. அப்படி இல்லையென்றால் இரண்டு வாளி நீரில் சமையல் நிறப்பொடி கலந்து தரை ட்ராப்புக்குள் மட்டும் ஊற்றுங்கள். நிறம் கீழே வந்தால் ட்ராப் இணைப்பு. நிறம் வந்து சேர ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். அதுவும் இல்லை என்றால் ட்ராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு வேறு நிறத்து நீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். கதவு நிலையைத் தாண்டி வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது வந்தால்தான் டைல்ஸ் இடுக்கும் அதன் கீழான நீர்க்காப்பும் குற்றவாளி. எபாக்ஸி கிரவுட் இந்தக் கடைசி நிலையில் மட்டுமே வேலை செய்யும். ட்ராப் இணைப்பு என்றால் அதைச் சுற்றி ஓர் அடிக்கு உடைத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து சீலிங்கில் ரசாயனம் செலுத்தித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள். அந்த இடம் காயும், நீர் இரண்டடி தள்ளி வேறு வழி தேடும், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் கசிவைச் சரிசெய்யும் செலவு மேல் வீட்டு உரிமையாளருடையது. உங்கள் சீலிங்கைச் சரிசெய்யும் செலவையும் அவரிடம் கேட்கலாம். கேட்டும் அசையவில்லை என்றால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். நுகர்வோர் ஆணையம் இதற்கு வழியல்ல, அண்டை வீட்டுக்காரர் உங்களுக்குச் சேவை விற்பவர் அல்லர். கட்டடம் கைக்கு வந்து 5 வருடத்துக்குள் என்றால் வீட்டுமனைத் துறைக்கான ரெரா சட்டத்தின் கீழ் கட்டுநரையே சரிசெய்யக் கேட்கலாம், உங்களுக்கு அந்தக் கெடு போய்விட்டது.

காப்பீட்டு நிறுவனம் "படிப்படியான கசிவு" என்று மறுத்தால், எந்தச் சான்றை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், ஆய்வறிக்கை நகல் தாருங்கள் என்று அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர்கள் எடுப்பார்கள், உங்களுடையது அதில் துளி. அங்கே பேசப்போவது அந்த டியூபும் செக்யூரிட்டி நோட்டும் முதல் நாள் எடுத்த படங்களும்தான்.

ஆய்வு முடிந்ததும் பெயின்டருக்கு அவசரப்பட்டு நாள் குறிக்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சீலிங்கில் நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் தளம் இன்னும் ஈரம், ஃபேன் காற்றில் மேலும் சில வாரம் காயட்டும். தாள் உலர்ந்தே இருந்தால் பட்டி பார்க்கலாம்.